சுமையும் செறிவும்: பள்ளி வளாகத்துக் கழிவுநீர் நிலையத்தின் வடிவமைப்பு அறிக்கையைப் படிக்கும் முறை

பொதுக் கழிவுநீர்க் குழாய் எட்டாத இடத்தில் ஒரு பள்ளி எழும்போது, அவ்வளாகத்துக்கெனத் தனியே ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டியுள்ளது. தொழிற்சாலையிலேயே தொட்டிகளைச் செய்து, லாரியில் கொண்டுவந்து, குழிதோண்டி இறக்கிப் பொருத்தும் வகையைத் தொகுப்பு நிலையம் என்கிறோம். அதை இறக்குவதற்கு முன் பொறியாளர் ஒரு வடிவமைப்பு அறிக்கை எழுதுகிறார். பள்ளி மேலாளர் வாரியத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் அவ்வறிக்கையைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்து விலையைப் பார்த்துவிட்டு மூடிவைக்கின்றனர். அவர்களைக் குறைகூற இடமில்லை. அறிக்கையின் மொழி அப்படிப்பட்டது. ஆயினும் அதன் உள்ளே இருப்பது மிக எளிய மூன்று வினாக்களே. எவ்வளவு வருகிறது? எவ்வளவு வெளியேறலாம்? இடையில் என்ன நடக்க வேண்டும்?

இவற்றுக்கு விடை காண்பதற்கு முன் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். ஒன்று சுமை, மற்றொன்று செறிவு. பேச்சுவழக்கில் நாம் இரண்டையும் ‘அளவு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஒரு கைப்பிடி உப்பை ஒரு குவளை நீரிலும் போடலாம். ஒரு கிணற்றிலும் போடலாம். உப்பின் சுமை இரண்டிலும் ஒன்றே. செறிவு மட்டுமே வேறுபடுகிறது. தொட்டியின் பருமனைத் தீர்மானிப்பது ஒரு நாளில் வந்துசேரும் மாசின் எடை, அதாவது சுமை. சட்டம் அளந்து பார்ப்பதோ ஒரு லிட்டர் நீரில் உள்ள மாசு, அதாவது செறிவு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்ட அறிக்கை கூட்டல் கழித்தலில் பிழையின்றி இருந்தாலும் ஆற்றைக் கெடுத்துவிடும். அது எவ்வாறு நிகழும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

ஓர் இடைநிலைப்பள்ளியை எண்ணிக்கொள்வோம். மாணவர் 1,000 பேர். அவர்களுள் 800 பேர் காலையில் வந்து பிற்பகலில் வீடு திரும்புவோர். 200 பேர் தங்கும் விடுதியில் வாழ்வோர். கழிவுநீர் சேரும் ஆறு சற்றுத் தொலைவில் ஒரு குடிநீர் நிலையத்தின் உறிஞ்சுமிடத்தைக் கடந்து செல்கிறது. இப்பள்ளி நம் கற்பனை. கணக்கிடும் முறை மலேசியாவில் நடைமுறையில் உள்ளது.

முதல் வினா, எவ்வளவு வருகிறது என்பது. மலேசியக் கழிவுநீர்த் தொழில் வழிகாட்டி இதற்கு ஓர் அலகைத் தருகிறது. மலாயில் ‘பெண்டுடோக் செத்தாரா’ என்றும், பொறியாளர் பேச்சில் ‘பி.ஈ.’ என்றும் வழங்கும் அதை நாம் ஆள்நிகர் எனலாம். வீட்டில் முழுநாளும் வாழும் ஒருவர் உண்டாக்கும் கழிவுநீரே ஓர் ஆள்நிகர். அவ்வளவு நீரை நாளொன்றுக்கு 225 லிட்டர் என வழிகாட்டி கொள்கிறது. விடுதி மாணவர் குளிப்பதும் துவைப்பதும் வளாகத்திலேயே நடப்பதால் அவர் ஒருவர் ஓர் ஆள்நிகர். பகல்நேர மாணவரோ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2. ஆகவே 800 பகல்நேர மாணவரும் சேர்ந்து 160 ஆள்நிகர், விடுதியினர் 200, மொத்தம் 360. நீரின் அளவு நாளொன்றுக்கு 81 கன மீட்டர்.

நிகர் என்னும் சொல்லைச் சற்றே கவனிக்க வேண்டும். நிகர் என்பது ஒப்புமை. அதுவே அப்பொருள் ஆகிவிடாது. பகல்நேர மாணவரை ஐந்தில் ஒரு வீட்டு மனிதராகக் கொள்வது நீரின் அளவுக்கு ஒருவாறு பொருந்தலாம். அவர் விட்டுச்செல்லும் ஒவ்வொரு மாசுக்கும் அதே பங்கு பொருந்துமா என்பதை அறிக்கை தனியே கேட்டாக வேண்டும். இந்த வினாவுக்குப் பின்னர்த் திரும்புவோம்.

நீருடன் வரும் கரிமச் சுமையை அளக்க ‘உயிர்வேதியியல் உயிர்வளித் தேவை’ என்னும் நீண்ட தொடர் பயன்படுகிறது. தேவை என்றதும் நீருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அது ஒரு பசியின் அளவு. நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு உயிர்வளியைச் செலவிடுகின்றன என்பதை 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்து அளக்கின்றனர். கழிவு மிகுந்தால் செலவும் மிகும். ஓர் ஆள்நிகருக்கு நாளொன்றுக்கு 55 கிராம் எனக் கொண்டால் நம் பள்ளியின் சுமை 19.8 கிலோகிராம். தொட்டியின் பருமன் முதலில் இவ்வெண்ணிலிருந்தே பிறக்கிறது.

அடுத்தது வெளியேறலாம் எனச் சட்டம் விடும் அளவு. மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரக் கழிவுநீர் ஒழுங்குவிதிகள் இதை இரு தரங்களாகப் பிரிக்கின்றன. குடிநீர் உறிஞ்சுமிடத்துக்கு மேற்புறம் விடப்படும் நீருக்கு ஏ தரம். பிற இடங்களுக்குச் சற்றுத் தளர்ந்த பி தரம். நம் பள்ளிக்கு ஏ தரமே உரியது. உயிர்வளித் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மிதக்கும் திடப்பொருள் 50. ஆற்றில் விடும்போது அம்மோனியா நைட்ரஜன் 10, நைட்ரேட் நைட்ரஜன் 20. கழிவுநீருக்கு அம்மோனியா வரம்பு வந்தது இவ்விதிகளோடுதான். இதற்குமுன் இருந்த 1979ஆம் ஆண்டு விதிகளில் அது இல்லை. பழைய நிலையங்கள் பல இன்றும் இவ்வொன்றில் இடறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரம்பு என்பது வயலில் நீரைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு. வரம்பின் உச்சிவரை நீரை நிறுத்தும் உழவர் எவரும் இல்லை. ஒரு மழை பெய்தால் உடைந்துவிடும். வடிவமைப்பாளரும் அவ்வாறே சட்ட வரம்புக்குக் கீழே ஒரு குறியை வைத்துக்கொள்கிறார். ஏ தரத்தில் உயிர்வளித் தேவைக்குச் சட்டம் 20 என்றால் வடிவமைப்புக் குறி 10; அம்மோனியாவுக்குச் சட்டம் 10 என்றால் குறி 5. அறிக்கையில் சட்ட எண்ணையே குறியாக வைத்திருந்தால், அந்நிலையம் நல்ல நாளில் மட்டுமே தேறும் என்று அப்பக்கத்திலேயே முடிவுசெய்துவிடலாம்.

இடையில் நடப்பதற்கு வருவோம். சிறு பள்ளி நிலையங்களில் பெரிதும் கையாளப்படுவது நீடித்த காற்றூட்டம். தொட்டியின் அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் எழுந்துகொண்டிருக்கும். அந்நீரில் பழுப்பு நிறத் திரள்களாக நுண்ணுயிர்கள் வாழும். வரும் கழிவைத் தின்று பெருகும். பின்னர் நீர் அமைதியான ஒரு படிவுத் தொட்டிக்குச் செல்லும். அங்கே திரள்கள் அடியில் படிய, தெளிந்த நீர் மேலே வழிந்து வெளியேறும். படிந்த கசடு மீண்டும் காற்றுத் தொட்டிக்கே திருப்பப்படும். நம் பள்ளிக்குக் காற்றுத் தொட்டியை 81 கன மீட்டராக, அதாவது ஒரு முழுநாள் நீரைக் கொள்வதாக அமைத்து, லிட்டருக்கு 3 கிராம் நுண்ணுயிர்த் திரளை வைத்துக்கொண்டால், ஒரு கிலோகிராம் திரளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிராம் உணவு கிடைக்கும். இது வேண்டுமென்றே வைக்கும் அரைப்பட்டினி. பசியுள்ள நுண்ணுயிர் கழிவை மிச்சம் வைப்பதில்லை.

மேலே கண்ட 81 கன மீட்டரும் நாள் முழுதும் சீராக வருவதில்லை. சராசரியாக மணிக்கு 3.4 கன மீட்டர் என்று அறிக்கை கூறும்; உச்ச நேரத்துக்கு வழிகாட்டி தரும் சூத்திரம் இது:

உச்சப் பெருக்கம் = 4.7 × p^(−0.11)

இங்கு p என்பது ஆயிரத்தில் கூறிய ஆள்நிகர், நமக்கு 0.36. விடை ஏறத்தாழ 5.3. ஆகவே உச்சத்தில் மணிக்குப் பதினெட்டுக் கன மீட்டர் அளவுக்கு நீர் வரக்கூடும். ஊர் மெல்ல மெல்ல விழித்தெழுகிறது. பள்ளியோ ஒரே மணியோசையில் எழுந்து ஓடுகிறது. ஓய்வு நேரத்தின் இருபது முப்பது நிமிடத்துக்குள் எண்ணூறு பேரும் கழிவறைக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் சென்றுவிடுகின்றனர். அந்நீர் நேரே படிவுத் தொட்டியைத் தாக்கினால் அமைதியாகப் படிந்துகொண்டிருந்த திரள்கள் கிளர்ந்து வெளிநீரோடு போய்விடும். போவது அழுக்கு மட்டுமன்று. வேலைசெய்யும் நுண்ணுயிர்களே போகின்றன. இதைத் தடுக்க முன்புறம் ஒரு சமப்படுத்தும் தொட்டி வேண்டும். விடுதியின் காலை நேரம், பள்ளி நேரம், மாலைக் குளியல் நேரம் ஆகியவற்றை மணிவாரியாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நாளின் நீரில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 27 கன மீட்டரை, அது தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது தெரியவரும். அறிக்கையில் இத்தொட்டி இருக்கிறதா, அதன் பருமன் மணிவாரிக் கணக்கில் வந்ததா என்று பார்ப்பது பயனுள்ள முதற்சோதனை. விலையைக் குறைக்க முனைவோர் முதலில் வெட்டுவதும் இத்தொட்டியையே.

இனி நாம் ஒத்திவைத்த வினா. பகல்நேர மாணவர் நீரில் ஐந்தில் ஒரு பங்கு என்றோம். அவர் பள்ளியில் குளிப்பதில்லை, துவைப்பதில்லை. கழிவறையை மட்டுமே பயன்படுத்துகிறார். வீட்டுக் கழிவுநீரில் சிறுநீரைக் குளியல்நீரும் துவைத்த நீரும் கலந்து நீர்த்துவிடுகின்றன. பள்ளிக் கழிவுநீரில் அப்படி நீர்ப்பதற்கு ஒன்றுமில்லை. சிறுநீரிலுள்ள யூரியா குழாயிலேயே சிதைந்து அம்மோனியாவாகிறது.

வழிகாட்டியின் எண்களை அப்படியே எடுத்தால் வரும்நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 30 மில்லிகிராம். 81 கன மீட்டருக்கு அது 2.43 கிலோகிராம் சுமை. இக்கணக்கில் ஓர் ஆள்நிகர் தருவது நாளொன்றுக்கு 6.75 கிராம். பகல்நேர மாணவர் அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பள்ளியில் விடுகிறார் என்பது உள்ளே மறைந்திருக்கும் துணிபு. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைப் பள்ளியில் கழிக்கும் ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வோமே. அப்போது பகல்நேர மாணவரின் சுமை 1.8 கிலோகிராம், விடுதியினரின் சுமை 1.35, மொத்தம் 3.15. சுமை முப்பது விழுக்காடு கூடிவிட்டது. இனி நீரைப் பார்ப்போம். பகல்நேர மாணவர் 45 லிட்டர் செலவிடுவார் என்று எண்ணியிருந்தோம்; சிக்கனக் கழிப்பறைத் தொட்டி பொருத்திய பள்ளியில் அவர் 20 லிட்டர்தான் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த நீர் 61 கன மீட்டராகக் குறைகிறது. செறிவு 30இலிருந்து ஏறத்தாழ 52 ஆகிறது.

சொற்குழப்பத்தின் விலை இங்கே வெளிப்படுகிறது. நீர் குறைந்ததைக் கண்டவர், ‘நிலையம் தன் கொள்திறனில் முக்கால் பங்கே இயங்குகிறது, இன்னும் மாணவரைச் சேர்க்கலாம்’ என்பார். அவர் நீரைப் பார்க்கிறார். அம்மோனியாச் சுமையோ ஏற்கெனவே வடிவமைப்பைத் தாண்டிவிட்டது. நீரைச் சிக்கனப்படுத்துவது தவறன்று. ஆனால் அது சுமையைக் குறைப்பதில்லை, செறிவைக் கூட்டுகிறது.

அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் ஒரு தனிக் குலம். கழிவைத் தின்பவை விரைந்து பெருகுகின்றன. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவையோ மிக மெதுவாகவே பெருகுகின்றன. இவற்றுக்கு உயிர்வளியும் மிகுதியாக வேண்டும்: ஒரு கிலோகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிலோகிராம். அறிக்கை எண்ணிய 11 கிலோகிராமுக்கு மாறாக இப்போது நமக்கு 14 கிலோகிராமுக்கு மேல் தேவை. காற்றூதியைத் தேர்ந்தெடுக்கும்போது இதைச் சேர்க்காவிட்டால், கரிமக் கழிவைத் தின்பவை உயிர்வளி முழுவதையும் எடுத்துக்கொள்ள, அம்மோனியா வந்தபடியே வெளியேறும். வெளிநீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். ஆய்வுக்கூடத் தாள் வரும்வரை எவருக்கும் தெரியாது. இரவில் ஊதியின் இரைச்சலால் விடுதியில் தூங்க முடியவில்லை என்று அதை நிறுத்திவைத்த ஒரு பள்ளியை நாம் அறிவோம். மின்கட்டணமும் குறைந்ததென்று அங்கே மகிழ்ந்தார்கள். சில வாரங்களில் அம்மோனியா வரம்பைக் கடந்தது. ஊதியை ஒலித்தடுப்புக் கூண்டுக்குள் வைக்கும் செலவு முதல் அறிக்கையிலேயே இருந்திருக்க வேண்டும்.

அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலமும் உண்டாகிறது. நீரின் காரத்தன்மை அதை ஈடுசெய்கிறது. யூரியா சிதையும்போது தேவையில் ஏறத்தாழப் பாதிக் காரத்தைச் சிறுநீரே தந்துவிடுகிறது. மீதியைக் குழாய்நீர் தர வேண்டும். மலைப்பகுதியின் மென்னீரில் அது போதுமான அளவில் இருப்பதில்லை. காரம் தீர்ந்ததும் நீர் புளிக்கத் தொடங்கும். அமிலக்காரக் குறியீடு 6.5க்குக் கீழே இறங்கினால் அம்மோனியாக் குலம் சோர்ந்துவிடும். 6க்குக் கீழே போனால் அதுவே ஏ தரத்தை மீறியதாகும்.

இத்தனையும் சரியாக நடந்தாலும் இன்னொரு வரம்பு காத்திருக்கிறது. 52 மில்லிகிராம் அம்மோனியாவில் பெரும்பகுதி நைட்ரேட்டாக மாறினால் வெளிநீரில் நைட்ரேட் நைட்ரஜன் 45 அளவில் நிற்கும். சட்டம் அனுமதிப்பது 20. ஒரு வரம்பைக் காத்த முயற்சியே மற்றொரு வரம்பை உடைக்கிறது. இதற்குத் தீர்வு, காற்றுத் தொட்டிக்கு முன்னால் காற்றூட்டாமல் மெல்லக் கலக்கிவிடும் ஒரு சிறு தொட்டி. அங்கே நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி கிடைப்பதில்லை. அவை நைட்ரேட்டில் கட்டுண்ட உயிர்வளியைப் பிரித்தெடுத்துக்கொண்டு நைட்ரஜனை வளியாக விட்டுவிடுகின்றன. வரும்நீரின் மூன்று மடங்கு அளவுக்குக் காற்றுத் தொட்டி நீரையும் கசடையும் அங்கே திருப்பினால், நைட்ரேட்டில் நான்கில் மூன்று பங்கு நீங்கும்; 45 ஏறத்தாழ 11 ஆகும். செலவான காரத்தில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும். இத்தொட்டி இல்லாத நிலையத்தில் இதே செயல் வேண்டாத இடத்தில், அதாவது படிவுத் தொட்டியின் அடியில், நடக்கும். அங்கே எழும் நைட்ரஜன் குமிழிகள் கசடைக் கட்டிகட்டியாக மேலே தூக்கிவரும். நீர்ப்பரப்பில் பழுப்புக் கட்டிகள் மிதப்பதைக் கண்டால் இதுவா என்று முதலில் ஐயுற வேண்டும்.

அம்மோனியாவுக்கு இத்தனை இடம் ஒதுக்கியதற்குக் காரணம் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருக்கிறது. குடிநீர் நிலையத்தில் கலக்கும் குளோரினை அம்மோனியா முதலில் தன்னோடு பிணைத்துக்கொள்ளும்; ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜன் தீர்வதற்கு ஏழரைப் பங்குக்கும் மேல் குளோரின் செலவாகும். அதற்குப் பிறகே கிருமியைக் கொல்லத் தடையற்ற குளோரின் மிஞ்சும். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லங்காட் ஆற்றில் அம்மோனியா மிகுந்தபோது செராஸ் 11ஆம் கல், புக்கிட் தம்போய் குடிநீர் நிலையங்கள் நிறுத்தப்பட்டு வீடுகளில் குழாய் வறண்டதை நம்முள் பலர் மறந்திருக்கமாட்டோம். ஒரு பள்ளியின் மூன்று கிலோகிராம் தனியே அதைச் செய்யாது. வறட்சியில் ஆறு ஓடையாக மெலியும்போது, மேற்புறத்தில் அப்படிப்பட்ட மூன்று கிலோகிராம்கள் எத்தனை என்பதே கணக்கு.

பள்ளிக்கே உரிய மற்றொரு சிக்கல் விடுமுறை. வாரக்கணக்கில் விடுதி காலியாகும். சுமை ஏறத்தாழ இல்லாமற்போகும். ஊதி மட்டும் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் பட்டினி கிடக்கும் நுண்ணுயிர்கள் தம் உடலையே கரைத்துக்கொள்ளும். பள்ளி திறக்கும் திங்களன்று ஆயிரம் பேரின் சுமை ஒரே நாளில் வந்து இறங்கும்போது வேலைக்கு ஆளிருக்காது. கரிமக் குலம் விரைவில் தேறிவிடும். மெதுவாகப் பெருகும் அம்மோனியாக் குலம் தேறச் சில வாரங்கள்கூட ஆகும். காற்றுத் தொட்டியில் வெள்ளை நுரை பொங்குவது திரள் இளமையாகவும் குறைவாகவும் இருப்பதன் அடையாளம். ஆகவே நல்ல அறிக்கை தொட்டியை ஒன்றாக வைக்காமல் இணையாக இரண்டாகப் பிரித்திருக்கும். விடுமுறையில் ஒன்றை ஓய்வில் வைத்து, மற்றதில் காற்றை விட்டுவிட்டு ஊதும் நேரக்கருவியைக் குறித்திருக்கும். விடுமுறைக்கு முந்திய வாரத்தில் கசடை வெளியேற்றக்கூடாதென்றும் எழுதியிருக்கும். இவ்வரிகள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஏனெனில் வழிகாட்டியின் அட்டவணையில் பள்ளி நாள்காட்டிக்கு இடமில்லை.

இறுதியாக, நிலையத்தை ஒப்படைக்கும்போது எடுக்கும் மாதிரிநீர். அறிக்கையில் இது ‘வெளிநீர் தரத்தை நிறைவுசெய்யும்’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுவதுண்டு. எந்த நாளில், எந்த மணியில் எடுத்த நீர் என்று அவ்வரி சொல்வதில்லை. சனிக்கிழமை எடுத்த நீர் எப்போதும் தேறும். பள்ளி தொடங்கி இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை, ஓய்வு நேரத்து நீர் நிலையத்தைக் கடந்து வெளிவரும் மணியில், வரும்நீரையும் வெளிநீரையும் ஒருசேர எடுத்து, அன்றைய நீரளவையும் உடன் குறித்துத் தரவேண்டும் என்று மேலாளர் வாரியம் ஒப்பந்தத்தில் எழுதிக்கேட்கலாம். செறிவும் நீரளவும் ஒரே தாளில் இருந்தால்தான் அவ்விரண்டையும் பெருக்கி, நிலையத்தின்மேல் இறங்கும் உண்மைச் சுமையை வாரியத்தினர் தாமே கண்டுகொள்ள இயலும்.